இரும்புச் சத்து மாத்திரை: கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போகும்போது ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய சிவப்பு மாத்திரை அட்டைகள் அலமாரியின் மேல் தட்டிலோ, அரிசி டப்பாவுக்குப் பின்னாலோ பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. மாத்திரையை வாங்காதவர்கள் குறைவு. வாங்கியதை முழுவதும் விழுங்கியவர்களும் குறைவு. இதற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. குமட்டல், கருப்பாகப் போகும் மலம், வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு சொல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மாக்களும் மாமியார்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிஸ்டர், இந்த மாத்திரையை எந்த மாதத்திலிருந்து எத்தனை சாப்பிட வேண்டும்?

நான்காம் மாதம் தொடங்கியதும் நாளுக்கு ஒன்று. பிரசவம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாட்களாவது இது உள்ளே போக வேண்டும் என்பது அரசின் கணக்கு. இந்தச் சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் எண்ணிக்கை மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதங்களுக்குக் கொடுக்கும் சிறிய மாத்திரையில் ஃபோலிக் அமிலம் மட்டும்தான் இருக்கும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறுதியாகியிருக்காது. அதனால்தான் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதைத் தொடங்கச் சொல்கிறோம். முன்பு பிறந்த குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு இதைவிடப் பல மடங்கு அதிக அளவு தேவைப்படும்.

நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். தினமும் மாதுளை, பீட்ரூட் எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். பிறகு மாத்திரை எதற்கு?

மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகள்தான், சாப்பிடுங்கள். ஆனால் அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புச் சத்துக்கும் தொடர்பில்லை. இரண்டிலுமே 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி, மாத்திரைக்குப் பதிலாக தினமும் ஜூஸ் குடித்துவந்த பெண்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு இறங்கிப்போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கர்ப்ப காலத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் கனஅளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் வளர வேண்டும். பிறந்து முதல் ஆறு மாதங்களுக்குத் தேவையான இரும்பைக் குழந்தை வயிற்றிலிருக்கும்போதே சேமித்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. மாதவிடாயால் ஏற்கெனவே கையிருப்பு கரைந்துபோன பெண்ணுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. சாப்பாடும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

எந்த நேரத்தில் போடுவது நல்லது?

இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. இதைத்தான் பெரும்பாலோருக்குச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் இரும்பு நன்றாகச் சேரும், ஆனால் வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டோடு போட்டால் புரட்டல் குறையும், ஆனால் சேரும் அளவும் குறையும். இரவு இரண்டு மணி நேர இடைவெளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லேசாகக் குமட்டினாலும் தூக்கத்தில் கடந்துவிடும். விழுங்கிய கையோடு படுத்துவிட்டால் நெஞ்சு எரியும். அரை மணி நேரமாவது உட்கார்ந்திருந்து பிறகு படுங்கள்.

அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த தண்ணீரில் விழுங்கினால் இன்னும் நல்லது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்சும்படி வைத்திருக்கிறது. எலுமிச்சை இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ வேண்டாம். மேல் பூச்சு உடைந்தால் வாயெல்லாம் துருச்சுவை வரும், பல்லிலும் கறை படியும்.

கால்சியம் மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள், நாமும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறோம். கால்சியம் இருந்தால் இரும்பு உள்ளே போவது தடைப்படும். காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் மோதாது.

டீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது. டீயோடு போட்டால் என்ன?

டீயை விடச் சொல்லவில்லை, நேரத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பு உடம்பில் சேராமல் மலத்தோடு போய்விடும். பாலில் கால்சியமும் இருப்பதால் பால் டீயில் இரண்டு தடையும் சேர்ந்திருக்கின்றன. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி, பால் வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். முருங்கைக்கீரைச் சாதம் சாப்பிட்ட உடனே ஒரு டம்ளர் டீ குடித்தால் கீரையின் இரும்பில் பெரும்பகுதி வீண். பதினொரு மணி டீயும் நான்கு மணி டீயும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

போட்டால் வாந்தி வருகிறது. வாசனையே பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், வழியை மாற்றிப் பார்ப்போம். முதலில், இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உடனே போடுங்கள். உறிஞ்சப்படுவது கொஞ்சம் குறையும், பரவாயில்லை. முழுதும் சேரும் என்று வெறும் வயிற்றில் விழுங்கி வாந்தியெடுப்பதைவிட, குறைவாகச் சேர்ந்தாலும் உள்ளே தங்குவது மேல். உடம்பு பழகிக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலோருக்கு அதன்பின் குமட்டல் தணிந்துவிடுகிறது.

வாசனைக்கு ஒரு சிறு உபாயம். மாத்திரையை முன்கூட்டியே பிரித்து உள்ளங்கையில் வைத்திருக்காதீர்கள். கை வியர்வையில் சிவப்புப் பூச்சு கரைந்து நாற்றம் எழும். தண்ணீரை வாய் அருகில் தயாராக வைத்துக்கொண்டு, அட்டையிலிருந்து எடுத்த நொடியில் விழுங்கிவிடுங்கள். பிறகு வாயில் ஒரு துண்டு நெல்லிக்காய் அல்லது இரண்டு கிராம்பு போட்டுக்கொண்டால் அந்த உலோகச் சுவை போய்விடும்.

எதைச் செய்தும் வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அது மாத்திரையால் மட்டும் வருவதாக இருக்காது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேறு வகை இரும்பு மருந்துக்கோ ஊசிக்கோ அவர் மாற்றுவார்.

மலம் கரியைப் போலக் கருப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கருத்துப்போய் வெளியேறுகிறது. மாத்திரை சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் இருக்கும். நிறுத்தினால் சில நாட்களில் பழைய நிறத்துக்கு வந்துவிடும், ஆனால் அதற்காக நிறுத்தாதீர்கள்.

கவலைப்பட வேண்டிய கருப்பு வேறு. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் தார் போலப் பளபளப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றம் வீசும். மாத்திரையால் வரும் கருப்பில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. தார் போல இருந்தாலோ, கூடவே வயிற்றுவலி, தலைசுற்றல், ரத்த வாந்தி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மலச்சிக்கல் தாங்க முடியவில்லை. விளக்கெண்ணெய் குடிக்கலாமா?

கூடாது. விளக்கெண்ணெயும் கடையில் கிடைக்கும் பேதி மருந்துகளும் கர்ப்பத்தில் வேண்டாம். கர்ப்பத்தில் குடல் இயல்பாகவே மெதுவாகத்தான் வேலை செய்யும், மாத்திரை அதை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. காலை எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், நாள் முழுவதும் பத்து டம்ளர் அளவுக்குத் தண்ணீர் அல்லது மோர் குடித்துப் பாருங்கள். மோரை மாத்திரை நேரத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கொட்டையோடு சாப்பிடும் கொய்யா எனக்குப் பிடித்த மருந்து. ஒரே பழத்தில் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் கிடைக்கின்றன, விலையும் குறைவு. இரவில் ஊறவைத்த உலர்திராட்சை, வாழைத்தண்டுப் பொரியல், மாலையில் அரை மணி நேர நடை ஆகியவையும் உதவும். ஒரு வாரம் செய்தும் குறையவில்லை என்றால் கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். கேட்கத் தயங்காதீர்கள். மூலம் வரும்வரை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறார். குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

மலம் கருப்பதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். குழந்தையின் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவிலிருந்து வருகிறது. மாத்திரையின் இரும்பு குழந்தையின் தோலுக்குப் போவதில்லை, ரத்தத்துக்குத்தான் போகிறது. அந்த ரத்தத்தின் நிறம் சிவப்பு. மாமியாரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

மாத்திரை குழந்தையை அளவுக்கு மீறிப் பெரிதாக்காது. தாய்க்கு ரத்தசோகை இருந்தால்தான் குழந்தை எடை குறைந்தும் நாள் முந்தியும் பிறக்கும் ஆபத்து இருக்கிறது. பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும். ஹீமோகுளோபின் 11 கிராம் இருக்கும் பெண் தாங்கிக்கொள்ளும் அதே ரத்த இழப்பு, 7 கிராம் இருக்கும் பெண்ணை உயிர் ஆபத்தில் தள்ளிவிடும்.

சமையலில் என்ன மாற்றம் செய்யலாம்? விலை உயர்ந்தது எதுவும் வாங்க முடியாது.

வாங்கவே வேண்டாம். வீட்டில் இருப்பதை எதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் விஷயம். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கம்பு, எள், கொண்டைக்கடலை, தட்டைப்பயறு ஆகியவற்றில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பைத் திறந்துவிட ஏதாவது புளிப்பு வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். சுண்டலோடு ஒரு பச்சை நெல்லிக்காய், கம்பஞ்சோற்றோடு மாங்காய்த் துண்டு என்று ஒவ்வொரு வேளையும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பயறு, தானியங்களின் தோலில் இரும்பைக் கட்டிப்போடும் ஒரு பொருள் இருக்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறையும். பழைய கஞ்சியையும், இரவு கரைத்துவைத்துக் காலையில் காய்ச்சும் கூழையும் நம் பாட்டிகள் பழக்கமாகவே வைத்திருந்தார்கள். அன்று கரைத்து அன்றே காய்ச்சும் கேழ்வரகுக் கஞ்சியைவிடப் புளித்த கூழ் இந்த வகையில் நல்லது. கேழ்வரகைக் கால்சியத்துக்காக நம்புங்கள், இரும்புக்குக் கம்பையும் கீரையையும் பாருங்கள். புளிக்குழம்பையும் தக்காளித் தொக்கையும் இரும்புக் கடாயில் செய்தால் கடாயின் இரும்பு கொஞ்சம் உணவில் இறங்கும். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு வேறு வகை, உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டின் சுவரொட்டியில் இரும்பு மிக அதிகம். வாரம் ஒரு நாள் மிளகு சீரகம் போட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ஈரலை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மூன்று மாதங்களில் அறவே வேண்டாம், பிறகும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன். மண் வாசனை வந்தால் மண்ணையே தின்னத் தோன்றுகிறது. மசக்கை என்று விட்டுவிட்டார்கள். சரிதானா?

விட்டுவிடக் கூடாது. புளிப்பு, மாங்காய் மீதான ஆசை மசக்கை. பச்சரிசி, மண், சாம்பல், சுண்ணாம்பு, பல்பக் குச்சி, ஐஸ்கட்டி ஆகியவற்றின் மீது அடக்க முடியாத ஆசை வந்தால் இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் கை புடவை முந்தானைக்குள் போய்ப்போய் வந்தது. முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். ஒரு பிடி பச்சரிசி. பரிசோதித்தபோது 8.4 கிராம்தான் இருந்தது.

மண் தின்றால் குறைவு இன்னும் கூடும். அது குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடற்புழுவும் உள்ளே போகும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இரும்பு ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் இந்த ஆசை தானாக அடங்கிவிடும். குடற்புழு நீக்கத்துக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரு முறை கொடுப்போம். முதல் மூன்று மாதங்களில் அதைப் போடக் கூடாது.

நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போடலாமா?

வேண்டாம். நேற்றையது போகட்டும், இன்று ஒன்று போடுங்கள். இரண்டாகப் போட்டால் வயிறுதான் கெடும். அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பேனாவால் தேதியை எழுதிவைத்தால் மறந்த நாள் கண்ணில் படும். கணவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டவர்கள் அதிகம் மறப்பதில்லை.

ஒரு மாதமாகப் போடுகிறேன். ரத்தம் 9 பாயின்ட்டிலேயே நிற்கிறது. மாத்திரையில் ஒன்றும் இல்லையோ?

சரியாகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பேன். எத்தனை உள்ளே போயிற்று? எதோடு போயிற்று? வேறு காரணம் உண்டா?

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 22-வது வாரத்தில் அவருக்கு 9.1 கிராம். நாளுக்கு இரண்டு வீதம் 60 மாத்திரை கொடுத்தோம். நான்கு வாரம் கழித்து 9.2. “தினமும் போடுகிறேன்” என்றார். வீட்டுக்குப் போய் அட்டைகளை எண்ணினேன். நான்கு மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் 27 மாத்திரைகள் இருந்தன. காலையில் குமட்டியதால் பாதி நாள் விட்டிருக்கிறார். போட்ட நாட்களில் ஏழு மணி பால் டீயோடு, கால்சியத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். மலம் கருத்ததா என்று கேட்டதற்கு அவ்வளவாக இல்லை என்றார். அப்போதே எனக்குப் புரிந்தது.

அவரோடு உட்கார்ந்து ஒரு நாளை எழுதினோம். காலை எட்டரைக்குச் சாப்பாட்டோடு கால்சியம். பதினொரு மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரில் ஒரு இரும்பு. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாடும் இரண்டாவது கால்சியமும். நான்கரைக்கு டீ. ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, ஒன்பதரைக்கு இரண்டாவது இரும்பு. அடுத்த நான்கு வாரத்தில் 10.3, அதற்கடுத்த மாதம் 11.1. நேரத்தை மாற்றியதால் ஏறியதா, விடாமல் போட்டதால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏறவில்லை என்றால் காரணம் வேறு. குடற்புழு, மூலத்தில் ரத்தம் போவது, பி12 குறைவு, தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைபாடு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பரம்பரைக் குறைபாடு உள்ளவருக்கு இரும்பைக் கூட்டிக்கொண்டே போனால் பயனில்லாததோடு கெடுதலும் வரலாம். அதனால் ஒரு மாதத்தில் ஏறாதவர்களை மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

யாருக்கு இரண்டு மாத்திரை, யாருக்கு ஊசி?

கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம். இவர்களுக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை, மாதம் ஒரு முறை பரிசோதனை. 11-ஐத் தொட்ட பிறகு நாளுக்கு ஒன்றாகத் தொடர வேண்டும். தொட்டதும் நிறுத்திவிட்டால் திரும்ப இறங்கும்.

7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. மருத்துவமனையில் இரும்பை நரம்பு வழியாக டிரிப்பில் ஏற்றுவார்கள். பார்ப்பதற்குக் கரும்பழுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ரத்தசோகையோடு பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும் இதைக் கொடுப்பதுண்டு. முதல் மூன்று மாதங்களில் கொடுப்பதில்லை. கடைசி மாதங்களில் 7-க்குக் கீழேயோ, எந்த மாதத்திலும் 5-க்குக் கீழேயோ இருந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள், ரத்தமும் ஏற்ற வேண்டியிருக்கலாம். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், முகம் கை வீங்குதல் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தைராய்டு மாத்திரையும் போடுகிறேன். மகப்பேறுப் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்துச் சாப்பிடலாமா?

தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உறிஞ்சப்படாது. காலையில் எழுந்ததும் தைராய்டு, இரவில் இரும்பு என்றால் கவலையில்லை. கால்சியத்துக்கும் அதே நான்கு மணி நேரம் என்பதால் முதல் கால்சியத்தை மதியத்துக்குத் தள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெல் குடிப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

டானிக்கிலும் இருப்பது இரும்புதான். மாத்திரையோடு அதையும் நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள். பாட்டிலை எடுத்து வந்து காட்டுங்கள், உங்கள் ரத்த அளவைப் பார்த்துச் சொல்கிறோம். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்துவிட்டது. இனி நிறுத்தலாம் அல்லவா?

இன்னும் 180 நாட்கள், நாளுக்கு ஒன்று. பிரசவத்தில் போன ரத்தத்தை உடம்பு ஈடுகட்ட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதற்கு இது தடையில்லை, குழந்தைக்கு எதுவும் ஆகாது. தாய் வீட்டில் இருக்கும் மாதங்களில்தான் இது அதிகம் விட்டுப்போகிறது. போகும்போதே மாத்திரையையும் தாய் சேய் நல அட்டையையும் பையில் வையுங்கள். தீர்ந்துவிட்டால் அந்த ஊர் சுகாதார நிலையத்திலும் வாங்கிக்கொள்ளலாம்.

மூத்த பையனுக்கு இரண்டரை வயது. மிட்டாய் என்று நினைத்து மாத்திரையை எடுத்துத் தின்றுவிட்டான். ஒரு முறை வாந்தியெடுத்தான், இப்போது விளையாடுகிறான். பரவாயில்லையா?

உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். விளையாடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரும்பு நஞ்சில் முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பிறகு சில மணி நேரம் குழந்தை தேறியதுபோல் இருக்கும், அதன்பின் திடீரென மோசமாகும். அந்த இடைவெளியில் வீட்டில் காத்திருப்பதுதான் ஆபத்து. பெரியவர்களுக்கான மாத்திரைகள் சில உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிர் போகும் அளவுக்கு விஷமாகலாம்.

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை குறைகிறது என்று எண்ணிச் சொன்னால் மருத்துவருக்குச் சிகிச்சையை முடிவு செய்ய உதவும். இனிப்புப் பூச்சும் சிவப்பு நிறமும் குழந்தையின் கண்ணில் மிட்டாய்தான். தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அவன் நாற்காலி போட்டாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.